கறப்பவருக்கு ஒன்று, காய்ச்சுபவருக்கு ஒன்று

நீல உறை ஆவின் பால் லிட்டர் 40 ரூபாய். 2021 மே மாதம் மூன்று ரூபாய் குறைத்தபோது வந்த விலை அது. சங்கத்தில் பால் ஊற்றும் விவசாயிக்கு, 2023 டிசம்பரில் அரசு அறிவித்த மூன்று ரூபாய் ஊக்கத்தொகையையும் சேர்த்து, லிட்டர் பசும்பாலுக்கு 38 ரூபாய் என்று ஆனது. நடுவே மிஞ்சுவது இரண்டு ரூபாய். கேன், லாரி, குளிரூட்டல், பதப்படுத்தல், உறை, கடைக்காரர் கமிஷன் எல்லாம் இந்த இரண்டு ரூபாய்க்குள் அடங்க வேண்டும். அடங்காது என்பது சின்னக் கடை நடத்துபவருக்கும் தெரியும்.

பிறகு எப்படி நடக்கிறது? ஊக்கத்தொகை அரசின் பணம், சங்கத்தின் பணமல்ல. இன்னொன்று, விவசாயி ஊற்றிய பாலும் நீல உறைக்குள் இருக்கும் பாலும் ஒன்றல்ல. கலப்பின மாட்டின் பாலில் ஏறத்தாழ நான்கு சதவீதம் கொழுப்பு இருக்கும். நீல உறையில் மூன்று சதவீதம். எடுத்த கொழுப்பு வெண்ணெயாகவும் நெய்யாகவும் வேறு விலைக்குப் போகிறது. பாலில் கிடைக்காத காசை நெய் ஈடுகட்டுகிறது.

பால் கூட்டுறவு சங்கத்துக்கு விளம்பர வாசகம் எழுத உட்காருகிறவர் முதலில் மனத்தில் வாங்க வேண்டிய கணக்கு இது. ஏனெனில் பேனாவை எடுத்ததும் வந்து நிற்பவை இரண்டு வாக்கியங்கள்: விவசாயிக்கு ‘அதிக விலை’, வீட்டுக்காரருக்கு ‘குறைந்த விலை’. இரண்டையும் ஒரே கட்டடத்தின் இரண்டு சுவர்களில் எழுதினால், ஒன்றைப் படித்தவர் நாலடி நடந்து மற்றதையும் படிப்பார். கிராமத்தில் பால் ஊற்றுபவரே, மாடு வற்றிய மாதங்களில் அதே சங்கத்தில் அரை லிட்டர் வாங்கவும் வருவார். விலையோ சங்கம் முடிவு செய்வதும் அல்ல. கொள்முதல் விலையும் விற்பனை விலையும் சென்னையில் முடிவாகின்றன. தன் கையில் இல்லாத ஒன்றைச் சுவரில் எழுதி வைத்தால், அடுத்த விலை மாற்றத்தில் சுண்ணாம்பு அடித்து மறைக்க வேண்டிவரும்.

ஆகவே விலையை விட்டுவிட்டு எழுத வேண்டும். எதை வைத்து எழுதுவது என்பதற்கு ஆனந்த் ஊரின் வரலாறு நல்ல பாடம்.

குஜராத்தின் கேடா மாவட்டத்து விவசாயிகள் 1946இல் பால் ஊற்ற மறுத்துப் போராடியது ‘போல்சன்’ என்ற தனியார் நிறுவனத்தை எதிர்த்து. பம்பாய்க்குப் பால் அனுப்பும் ஏகபோகம் அந்த நிறுவனத்திடம் இருந்தது. நடுவே நின்ற ஒப்பந்தக்காரர்கள் வைத்ததே அளவு, சொன்னதே விலை. போராட்டம் பதினைந்து நாள் நீடித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கேடா மாவட்டக் கூட்டுறவு பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவானது. திரிபுவன்தாஸ் படேல் தலைவர். சில ஆண்டுகளில் வர்கீஸ் குரியன் வந்து சேர்ந்தார். பின்னாளில் ‘அமுல்’ என்று நாடறிந்தது அந்த ஒன்றியம்தான்.

அங்கே விவசாயிகளைக் கட்டிப்போட்டது எந்த வாசகமும் அல்ல. காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையில் பணம். மாலையில் ஊற்றியதற்கு மறுநாள் காலையில் பணம். பாலைக் கண்ணெதிரே அளந்து, மாதிரி எடுத்து, கொழுப்பைப் பார்த்து, அதற்கேற்பக் கணக்கிட்டுக் கையில் கொடுத்தார்கள். பல தலைமுறையாக அடுத்தவர் அளவை நம்பி ஏமாந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

நகரத்துக்கு வேறு பேச்சு தேவைப்பட்டது. அமுல் வெண்ணெய் விளம்பரம் முதலில் தூய்மை, சுகாதாரம் என்றே பேசிக்கொண்டிருந்தது. 1966இல் அந்தப் பொறுப்பை ஏற்ற சில்வெஸ்டர் டகுன்ஹா அந்தப் பேச்சையே கைவிட்டார். ஓவியர் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸ் புள்ளிச் சட்டை போட்ட சிறுமியை வரைந்தார். ‘அட்டர்லி பட்டர்லி டெலிஷியஸ்’ என்ற இலக்கணத்துக்குள் அடங்காத சொற்கோவை கூடவே வந்தது. அதில் விவசாயியும் இல்லை, கூட்டுறவும் இல்லை, கேடாவும் இல்லை. பம்பாயில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுபவருக்கு அவை எதுவும் அந்தக் கணத்தில் தேவைப்படவில்லை. நாக்குக்கு உரியதைச் சொன்னால் போதும். ஒரே நிறுவனம் கிராமத்தில் அளவையும் பணத்தையும் பேசியது, நகரத்தில் ருசியைப் பேசியது. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை.

அமுல் வழியை அப்படியே எடுத்துக்கொள்ளத் தமிழகத்துத் தொடக்கச் சங்கத்தால் முடியாது. அதற்கு வெண்ணெய் விற்கும் வேலை இல்லை. காலையில் நானூறு லிட்டர் வரும் ஒரு நடுத்தரச் சங்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அதில் ஐம்பது அறுபது லிட்டர் ‘உள்ளூர் விற்பனை’யாக ஊருக்குள்ளேயே போகும், மீதி குளிர்விப்பு மையத்துக்குப் போகும். ஊற்றுபவரும் வாங்குபவரும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நிற்கிறார்கள். இப்படிப்பட்ட சங்கத்துக்குத்தான் இரண்டு வாசகங்கள் வேண்டும்.

முதலில் விவசாயி.

அவர் முன்னால் சங்கம் மட்டும் நிற்பதில்லை. தனியார் பால் பண்ணையின் முகவர் வீட்டு வாசலுக்கே வந்து எடுத்துக்கொள்கிறார். சில நேரம் முன்பணமும் தருகிறார். கோடையில் பால் குறையும்போது சங்கத்தைவிட ஓரிரு ரூபாய் கூடுதலாகவும் கொடுப்பார். மழைக்குப் பிறகு புல் தழைத்துப் பால் பெருகும்போது அதே முகவர் விலையை இறக்குவதும் உண்டு. இது ஊற்றுபவருக்குத் தெரிந்த விஷயம்தான். ஆகவே ‘வருஷம் முழுதும் வாங்குவோம்’ என்பது நல்ல வாசகமாகத் தோன்றும். ஆனால் புளித்த பாலைத் திருப்பி அனுப்ப வேண்டிய நாள் வரும். வரும் பாலை எல்லாம் மேலே அனுப்ப முடியாத நாளும் வரலாம். அன்றைக்கு அந்த வாசகமே சங்கத்துக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

விவசாயிக்கு உண்மையில் சந்தேகம் எங்கே வருகிறது என்று பார்த்தால், அது மாதிரி எடுக்கும் கரண்டியில் வருகிறது. கேனில் பால் நின்றிருந்தால் கொழுப்பு மேலே மிதக்கும். கலக்காமல் அடியிலிருந்து மாதிரி எடுத்தால் கொழுப்புக் குறைவாகக் காட்டும். மேலிருந்து எடுத்தால் கூடுதலாகக் காட்டும். சரியான முறை, பாலை மேலும் கீழுமாக நன்றாகக் கலக்கி, பிறகு எடுப்பது. கூட்டம் நெருக்கும் காலை ஆறு மணிக்கு முதலில் விட்டுப்போவது இந்தக் கலக்கல்தான்.

அடுத்தது லாக்டோமீட்டர். ‘டிகிரி என்ன?’ என்று எல்லோரும் கேட்கும் அந்தக் கண்ணாடி மிதவை, பால் எவ்வளவு அடர்த்தி என்று காட்டுகிறது. நம் ஊரில் புழங்கும் கருவிகள் பெரும்பாலும் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு அளவிடப்பட்டவை. அப்போதுதான் கறந்த பால் அதைவிடச் சூடாக இருக்கும். சூடான பால் அடர்த்தி குறைந்தது. மிதவை கூடுதலாக அமிழும். அளவு குறைவாகத் தெரியும். போதாக்குறைக்கு, கறந்த பாலில் நுரையும் காற்றுக்குமிழும் சிக்கியிருப்பதும் அளவை இறக்கும். ஒரு துளி நீர் கலக்காதவர் மேலும் நீர் கலந்த பழி விழுவது இப்படித்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பால் 35 டிகிரி சூட்டில் இருக்கிறது. லாக்டோமீட்டர் 25 காட்டுகிறது. 27க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 கூட்ட வேண்டும் என்பது பொதுவான திருத்தம். எட்டு டிகிரிக்கு 1.6. ஆக உண்மை அளவு 26.6. கொழுப்பல்லாத திடப்பொருளைக் கணக்கிடும் சூத்திரத்தில் இந்த அளவின் கால் பங்கு சேரும். எனவே திருத்தாமல் விட்டால் 0.4 சதவீதம் குறைந்துபோகும். தரத்தை வைத்து விலை போடும் முறையில் அந்த 0.4 காசாகக் கழிகிறது. தினமும் இரண்டு வேளை, ஆண்டு முழுவதும் கழிந்தால், அதைப் பார்த்த விவசாயி தனியார் முகவருக்கு வாசலைத் திறந்துவிடுவார். இப்போது பல சங்கங்களில் மின்னணுப் பகுப்பாய்வுக் கருவி வந்து, திரையில் எண்ணைக் காட்டி, சீட்டும் அச்சடித்துத் தருகிறது. சந்தேகம் குறைந்திருக்கிறது, தீரவில்லை. கருவியையும் நாள்தோறும் கழுவி, அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். பால் படிந்த கருவி தப்பாகத்தான் சொல்லும்.

எல்லாக் குறையும் சங்கத்துடையதும் அல்ல. மடியில் முதலில் வரும் பாலில் கொழுப்புக் குறைவு. கடைசியில் ஒட்டக் கறக்கும் பாலில்தான் மிகுதி. கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டு முதல் பாலைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தால் கொழுப்பு இறங்கித்தான் காட்டும். காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் இடையே உள்ள நேரம் மாறினாலும் எண் மாறும். எண் எப்படி வந்தது என்று தெரிந்தால் விவசாயி இதையெல்லாம் ஒத்துக்கொள்வார். எண்ணை மட்டும் நோட்டில் எழுதி, கேனைத் தள்ளிவிட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த கவலை பட்டுவாடா. ஆனந்தில் அரை நாளில் கிடைத்த பணம் நம் பக்கத்துப் பல சங்கங்களில் பத்து நாளுக்கு ஒருமுறை கிடைக்கிறது. பத்து நாள் என்பதைக்கூட யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. தீவனக் கடைக்காரருக்குச் சொன்ன தேதியில் பணம் கொடுக்க முடிந்தால் போதும். பத்து, பதினைந்தாகி, இருபதாவதுதான் பிரச்சினை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் விவசாயிக்கான வாசகம் தானே திரண்டு வருகிறது:

கண்ணெதிரே அளவு, சொன்ன நாளில் வரவு.

ஐந்து சொற்கள். இரண்டு மூச்சில் சொல்லலாம். ‘அளவு’ என்பதில் லிட்டரும் அடங்கும், டிகிரியும் அடங்கும், கொழுப்பும் அடங்கும். ‘சொன்ன நாள்’ எது என்று சங்கமே முடிவு செய்துகொள்ளலாம்; ஆனால் முடிவு செய்த பிறகு தப்ப முடியாது. இதைவிட அழகான வாசகங்கள் எழுத முடியும். ‘உழைப்பே உயர்வு, உழவரே உயிர்’ என்கிற மாதிரி எதுகை மோனையோடு ஒன்றை எந்தக் கூட்டத்திலும் யாரும் எழுதித் தந்துவிடுவார்கள். அதை உரக் கடையிலும் ஒட்டலாம், விதைக் கடையிலும் ஒட்டலாம். காலையில் கேனோடு வரிசையில் நிற்கும் பெண்மணி, தன் முறை வந்தபோது, ‘கலக்கிவிட்டு எடுங்கண்ணே, கண்ணெதிரே அளவுன்னு எழுதியிருக்கே’ என்று கேட்க உதவினால்தான் அது பால் சங்கத்தின் வாசகம்.

வீட்டுக்காரரின் வாசகம் இதைவிடச் சிக்கலானது. காரணம், உணவைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்குச் சட்டமும் காவல் நிற்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள், ‘தூய’, ‘இயற்கையான’, ‘புத்தம் புதிய’, ‘அசல்’, ‘பாரம்பரிய’ என்ற பொருளில் வரும் சொற்களை நினைத்தபடி பயன்படுத்த விடுவதில்லை; ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை உண்டு. ‘தாய்ப்பாலுக்கு நிகர்’ என்று எழுதும் ஆசை இன்னும் சிலருக்கு இருக்கிறது. அது பொய் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மாட்டுப்பாலை முதன்மைப் பானமாகக் கொடுக்க வேண்டாம் என்பதே மருத்துவர்களின் அறிவுரை.

‘பசும்பால்’ என்று போடலாமா? எருமைப்பாலையும் பசும்பாலையும் தனித்தனிக் கேனில் வாங்கித் தனியாக விற்கும் சங்கம் போடலாம். இரண்டையும் ஒன்றாக ஊற்றும் சங்கம் போடக் கூடாது.

வேறொரு வாசகம் எளிதில் மனத்தைக் கவரும்: ‘அடுப்பில் திரியாது, அளவில் குறையாது.’ ஓசை நன்றாக இருக்கிறது. வீட்டில் பால் காய்ச்சுபவரின் உண்மையான பயத்தையும் தொடுகிறது. காலைக் காப்பிக்கு வைத்த பால் திரிந்துபோனால் அன்றைய நாளே கோணலாகத் தொடங்கும். ஆனால் அடுப்பு சங்கத்தின் கையில் இல்லை. நேற்றுப் பால் ஒட்டிய பாத்திரத்தில் ஊற்றியிருக்கலாம். ஏழு மணிக்கு வாங்கிய பாலைப் பதினொரு மணிவரை வெளியே வைத்திருக்கலாம். குளிர வைக்காத பச்சைப் பால் நம் வெயிலில் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. சங்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வரும் பாலில் சிறிதளவு சோதனைக் குழாயில் எடுத்துக் கொதிநீரில் வைத்துப் பார்ப்பது. அங்கேயே திரிந்தால் அந்தப் பாலை ஏற்பதில்லை. இதைச் செய்யும் சங்கத்தின் பால் வீட்டில் திரிவது குறையும். குறையும் என்பதைச் சுவரில் ‘திரியாது’ என்று எழுத முடியாது.

உறைப்பாலுக்கும் பெரிய நிறுவனங்களின் விளம்பரங்களுக்கும் நடுவில், ஊர்ச் சங்கத்திடம் மட்டும் இருப்பவை இரண்டு. மாடு எந்தத் தெருவில் நிற்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியும். கறந்ததற்கும் வாங்குவதற்கும் இடையே இரண்டொரு மணி நேரம்தான். தெருவில் வரும் பால்காரரோடு ஒப்பிட்டால் சங்கத்திடம் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: ஒவ்வொருவர் பாலையும் ஊற்றும்போதே சோதித்தாகிவிட்டது. பால்காரரிடம் வீட்டுக்காரர் கேட்கும் ஒரே கேள்வி, ‘இன்னைக்கு எவ்வளவு தண்ணி?’ என்பதுதான். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் போதும்:

நம்ம ஊரில் கறந்தது, நீரும் கலவாதது.

‘நீரும்’ என்பதில் உள்ள ‘உம்’தான் இதன் உயிர். மாவு, சர்க்கரை, யூரியா என்று பயமுறுத்தும் பட்டியல் எதையும் வாய்விட்டுச் சொல்லாமல், நீரைக்கூடச் சேர்க்கவில்லை என்கிறது. பாலில் இயல்பாகவே ஏறத்தாழ 87 சதவீதம் நீர்தானே என்று விவரம் தெரிந்தவர் கிண்டல் செய்யலாம். ‘கலவாதது’ என்ற சொல் அவருக்கும் பதில் வைத்திருக்கிறது. காலை, மாலை இரண்டு வேளை விற்பனைக்கும் இது பொருந்தும். முதலில் யோசிக்கத் தோன்றும் ‘காலையில் கறந்தது’ மாலை ஆறு மணிக்குப் பொய்யாகிவிடும். பச்சைப் பாலாக விற்பதால், வாசகத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘கொதிக்க வைத்துப் பயன்படுத்தவும்’ என்ற வரி கட்டாயம் வேண்டும்.

இந்த வாசகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. குளிர்விப்பு மையம் போய், பல ஊர்ப் பாலோடு சேர்ந்து, கொழுப்பைக் கூட்டிக் குறைத்து உறையில் வரும் பாலுக்கு இதைப் போட முடியாது. ‘நம்ம ஊர்’ என்பது முதல் கேனோடு முடிந்துவிடுகிறது. மாவட்ட ஒன்றியமோ மாநில இணையமோ பேச வேண்டியது வேறு மொழி. கேரளத்தின் மில்மா, கேரளம் கணி கண்டு விழிக்கும் நன்மை என்ற பொருளில் தன் வாசகத்தை அமைத்துக்கொண்டது; ஒரு மாநிலம் முழுவதற்கும் விற்பவரால்தான் அப்படிப் பேச முடியும்.

இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் தெரிகிறது. வீட்டுக்காரருக்குச் சொன்னது உண்மையாக வேண்டுமானால் விவசாயிக்குச் சொன்னது முதலில் நடக்க வேண்டும். லிட்டரை மட்டும் அளந்து பணம் கொடுத்த காலத்தில், ஒரு குடம் நீர் ஊற்றியவருக்கு ஒரு குடத்துக்கான காசு கூடக் கிடைத்தது. ஒழுங்காக ஊற்றியவர் ஏமாளியானார். கொழுப்பையும் திடப்பொருளையும் பார்த்து விலை போட்டதும் நீருக்குக் காசு இல்லாமல் போனது. ஆனால் கலக்காமல் மாதிரி எடுத்து, சூட்டைக் கவனிக்காமல் டிகிரி எழுதினால், பழைய நிலைமை பின்வாசல் வழியாகத் திரும்பி வரும். எப்படி ஊற்றினாலும் எண் குறைவாகத்தான் வரும் என்று தெரிந்த பிறகு, செம்பைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நீட்டக் கை தயங்காது. நீரைத் தடுப்பது வீட்டுக்காரருக்கான எச்சரிக்கைப் பலகையல்ல, விவசாயி பக்கத்துச் சரியான அளவுதான்.

அதனால் இரண்டையும் வெவ்வேறு மூலைகளில் ஒளித்து வைக்காமல், ஒரே வாசலில் எதிரெதிராக எழுதுவது நல்லது. விவசாயிக்கானது மாதிரி எடுக்கும் மேசைக்கு மேலே, கரண்டியும் திரையும் தெரியும் இடத்தில். வீட்டுக்காரருக்கானது உள்ளூர் விற்பனை ஜன்னலுக்கு மேலே. அதன் அருகில் ஆணியில் தொங்கும் ஒரு லாக்டோமீட்டர், ஒரு கண்ணாடிக் குவளை, வெப்பமானி, வேண்டுபவர் தானே போட்டுப் பார்க்க. சர்க்கரை கரைத்த நீர்ப்பால் லாக்டோமீட்டரை ஏமாற்றிவிடும் என்பதால் அதுவே முழுச் சோதனை ஆகாது. ஆனாலும் பார்க்கலாம் என்று ஒருவர் விடுவது வேறு, நம்புங்கள் என்று கேட்பது வேறு.

‘சொன்ன நாளில் வரவு’ என்பதற்குக் கீழே ஒரு கரும்பலகை இருக்க வேண்டும். அதில் அடுத்த பட்டுவாடாத் தேதி. தேதி தள்ளிப்போகும் மாதத்தில் செயலாளர் அதை அழித்துப் புதுத் தேதியை எழுத வேண்டும். காரணத்தையும் ஒரு வரியில் எழுதினால் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் கேட்காமலேயே வீட்டுக்குப் போவார்கள். மீதிப் பேர் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். சங்கம் அவர்களுடையது.